போர்டில் இருக்கும் கொடி வேறு, கம்பத்தில் பறக்கும் கொடி வேறு: சுற்றுலாப் போகிற நம்மவர்கள் கேட்ட கேள்விகள்

தென்கரையில் ஒரு ஹோட்டலில் ஒன்பது வருடம் உயிர்காப்பாளராக இருந்துவிட்டு ஹட்டனுக்குத் திரும்பி வந்தவன் நான். தோட்டத்தில் பிறந்தவனுக்குக் கடல் வேலை எப்படிக் கிடைத்தது என்பது வேறு கதை. ஊரில் எனக்கு மிஞ்சியிருக்கிற பெயர் ‘கடல் மாமா’. ஆடி மாதம் கதிர்காமத்துக்கு வேன் கட்டிப் போகிறவர்கள் திரும்பும் வழியில் கடலில் ஒரு குளியல் போடாமல் வருவதில்லை. அங்கே நிற்கிற போர்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, “மாமா, இறங்கலாமா?” என்று கேட்பார்கள். அடிக்கடி வந்த கேள்விகளைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

போர்டில் அஞ்சு கொடி போட்டிருக்கு மாமா. எதைப் பார்த்து இறங்குறது?

போர்டைப் பார்த்து இறங்கவே கூடாது. அது அகராதி மாதிரி. எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று மட்டும் சொல்லும். இன்றைக்குக் கடல் எப்படி இருக்கிறது என்று சொல்வது கம்பத்தில் பறக்கிற துணி. போர்டில் பெயின்ட் அடித்து வருடக்கணக்காகியிருக்கும், அந்தத் துணியை இன்று காலையில் ஓர் ஆள் கடலைப் பார்த்துவிட்டு ஏற்றியிருப்பார்.

ஆகவே முதலில் தலையைத் தூக்கி கம்பத்தைத் தேடுங்கள். பறக்கிற நிறத்தைப் பார்த்த பிறகு போர்டுக்கு வந்து அதன் பொருளைப் படியுங்கள். முக்கால்வாசிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போர்டில் தங்களுக்குப் பிடித்த ஒரு வரியைக் கண்டுபிடித்ததும் கடலுக்கு நடக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

மேலே சிவப்பு, கீழே மஞ்சள். பாதி ஆபத்து என்று அர்த்தமா?

இல்லை. கடற்கரையிலேயே நமக்கு வேண்டிய கொடி அதுதான். உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் என்று பொருள். எப்போதும் இரண்டு கொடிகளாக, இடையில் தூரம் விட்டு மணலில் நட்டிருப்பார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும்.

கதிர்காமத்தில் இருந்து நேரே வந்த ஓர் அக்கா இதைக் கோயில் கொடி என்று நினைத்து, அதன் அடியில் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். நிறத்தைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒற்றைக் கொடியைச் சுற்றி உட்காருவதில் ஒரு சிக்கல் உண்டு. கொடிக்கு ஒரு பக்கம்தான் குளிக்கும் இடம், மறுபக்கம் இல்லை. இரண்டாவது கொடி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பாய் விரிக்கிற வேலை.

இன்னொன்று, கடல் உங்களைக் கரையோரமாகவே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகும். குளிக்கிறவருக்கு அது தெரியாது. கால் மணி நேரம் விளையாடிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் செருப்பு வைத்த இடம் எங்கேயோ இருக்கும். கொடிக்கு நேரே உங்கள் வேனோ, ஒரு தென்னை மரமோ அடையாளமாக இருக்கட்டும். பெரியவர் ஒருவர் தண்ணீரில் இறங்காமல் கரையில் நின்று, பிள்ளைகள் அந்த அடையாளத்தை விட்டு விலகும்போது கூப்பிட வேண்டும்.

காலையில் குளித்த இடம்தானே என்று பின்னேரமும் அங்கேயே போகவும் வேண்டாம். தண்ணீருக்கு அடியில் மணல் மேடுகள் இடம் மாறும், அதைப் பார்த்துக் கொடிகளையும் மாற்றி நடுவார்கள்.

மஞ்சள் கொடி பறக்குது. பிள்ளைகள இறக்கலாமா?

நீந்தத் தெரிந்த பெரியவர்களுக்குக் கவனமாக இருக்கச் சொல்லும் கொடி அது. நீந்தத் தெரியாதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ‘வேண்டாம்’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஆட்களில் நீந்தத் தெரியும் என்கிறவர்கள் பெரும்பாலும் ஓடையிலோ, அணைக்கட்டு ஓரத்திலோ பழகியவர்கள். அங்கே தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஓடும், இல்லையென்றால் அசையாமல் கிடக்கும். கடல் முன்னும் பின்னும் தள்ளும். அலை முகத்தில் அடிக்கும்போது மூச்சு எடுக்கப் பழகாதவர், குளத்தில் நூறு அடி நீந்தினாலும் மஞ்சள் கொடிக்கு நீந்தத் தெரியாதவர்தான்.

சிவப்புக் கொடி ஒன்றா, இரண்டா என்பதில் வித்தியாசம் உண்டா?

உண்டு. ஒற்றைச் சிவப்பு என்றால் ஆபத்து அதிகம். ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு சிவப்பு என்றால் தண்ணீர் யாருக்கும் திறந்தில்லை. ஒற்றைச் சிவப்புக்குச் சில போர்டுகளில் ‘குளிக்கத் தடை’ என்றும், சிலவற்றில் ‘மிகுந்த ஆபத்து’ என்றும் எழுதியிருப்பதால், இரண்டாவதைப் படித்தவர்கள் ‘ஆபத்துதானே, தடை இல்லையே’ என்று வாதம் செய்வார்கள். வேனில் வந்த குடும்பத்துக்கு ஒன்றும் ஒன்றுதான், இரண்டும் ஒன்றுதான். இறங்க வேண்டாம்.

ஒரு கொடியும் இல்லையே, அப்போ பிரச்சினை இல்லைதானே?

ஹட்டன் ஸ்டேஷனில் பச்சைக் கொடி ஆட்டினால் ரயில் புறப்படும் என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சிவப்பு இல்லையென்றால் போகலாம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். கடற்கரையில் அந்தக் கணக்கு உதவாது. கொடி இல்லை என்றால் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றே பொருள். அந்த இடத்துக்கு ஆளே போடாமல் இருக்கலாம், வேலை நேரம் முடிந்து கொடியைக் கழற்றிக்கொண்டு போயிருக்கலாம். போர்டில் நேரம் எழுதியிருந்தால் அதையும் படியுங்கள்.

பச்சைக் கொடி எல்லாக் கடற்கரையிலும் கிடையாது. இருந்தாலும் ஆபத்து குறைவு என்றுதான் சொல்கிறது, ஆபத்தே இல்லை என்று எந்தக் கொடியும் சொல்வதில்லை.

ஊதா நிறத்தில் ஒன்று, கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்டு ஒன்று. இதெல்லாம் என்ன?

ஊதா என்றால் தண்ணீரில் கொட்டும் உயிரினங்கள், பெரும்பாலும் ஜெலி மீன். சுறா என்று பயப்பட வேண்டாம். கொட்டிவிட்டால் போத்தல் தண்ணீரை ஊற்றித் தேய்க்காமல், கடல் நீரிலேயே கழுவிவிட்டு உயிர்காப்பாளரிடம் காட்டுங்கள். கறுப்பு வெள்ளைக் கட்டம், அலைச்சறுக்குப் பலகைக்காரர்களுக்கு ஒதுக்கிய இடம். அங்கே குளித்தால் பலகை மண்டையில் அடிக்கும்.

படத்தை மட்டும் வைத்து நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?

சொல்ல முடியாது, அதுதான் உண்மை. ஒரு தடவை நடந்ததை அப்படியே எழுதுகிறேன், புரியும்.

ஆகஸ்ட் மாதம். மஸ்கெலியாப் பக்கத்துக் குடும்பம், ஒன்பது பேர், அதில் நாலு பிள்ளைகள். கதிர்காமம் முடித்துத் தென்கரையில் ஓர் இடத்தில் வேனை நிறுத்தியிருந்தார்கள். பின்னேரம் ஐந்தேகால் இருக்கும், பெரிய பையன் போர்டைப் படம் எடுத்து அனுப்பினான். மஞ்சள் கொடியைச் சுற்றி விரலால் வட்டம் போட்டு, “கவனமாகக் குளிக்கலாம்னு இருக்கு மாமா, சரிதானே?” என்று கேட்டிருந்தான்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேலே மூன்று மொழியிலும் தலைப்பு. நடுவில் வரிசையாகக் கொடிகள், பக்கத்தில் பொருள். கீழே மஞ்சள் முக்கோணத்துக்குள் கறுப்புப் படம், அலையும் ஓர் ஆளும். பக்கத்தில் சிவப்பு வட்டத்துக்குள் குறுக்குக் கோடு போட்டு, நீந்துகிற ஆள். முக்கோணம் என்றால் எச்சரிக்கை, சிவப்பு வட்டமும் குறுக்குக் கோடும் என்றால் தடை. இந்த இரண்டு உருவமும் பல நாடுகளில் ஒன்றுதான், எழுத்தே தெரியாவிட்டாலும் போதும். கடைசி வரியில் உயிர்காப்பாளர் நேரம், மாலை ஐந்து மணி வரை.

“கம்பத்தில் என்ன கொடி தம்பி?” என்று கேட்டேன். “ஒரு மாதிரி ஒரேஞ்ச்” என்றான். ஒரேஞ்சில் கொடியே போர்டில் இல்லை. அதைப் படம் எடுக்கச் சொன்னேன். வந்த படத்தில், வெயிலிலும் உப்பிலும் வெளுத்துப்போன துணி, நுனி கிழிந்து கம்பத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மடிப்புக்கு உள்ளே வெயில் படாத இடத்தில் மட்டும் பழைய நிறம் தெரிந்தது. நல்ல சிவப்பு. வெளுத்த சிவப்புதான் ஒரேஞ்சாகவும் ரோஸாகவும் தெரியும். சந்தேகமாக இருந்தால் மடிப்பையும் தையல் ஓரத்தையும் பாருங்கள்.

அப்புறம் கடலைப் படம் எடுக்கச் சொன்னேன். இடதுபக்கம் அலை வெள்ளையாக உடைகிறது, வலதுபக்கமும் உடைகிறது. நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு அலையே இல்லாமல், கொஞ்சம் கறுப்பாக, வழுவழுவென்று ஒரு பாதை. இரண்டு சின்னப் பிள்ளைகளும் சரியாக அந்தப் பாதையின் வாசலில், கணுக்கால் நனைய நின்றுகொண்டிருந்தார்கள். யாரும் அவர்களைத் தள்ளவில்லை. அம்மாதான், “அந்தப் பக்கம் அலை இல்லை, அங்கே நில்லுங்க” என்று அனுப்பியிருக்கிறார்.

உடனே போனை எடுத்துக் கூப்பிட்டேன். எழுதி அனுப்ப நேரமில்லை. பிள்ளைகளை மேலே கூப்பிடச் சொன்னேன். அவர்களும் கேட்டார்கள், அது பெரிய விஷயம். பக்கத்துக் கடைக்காரரிடம் விசாரித்தபோது, குளிக்கிற இடத்துக் கொடிகளை ஐந்து மணிக்கே பிடுங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னாராம். ஒன்பது பேரும் தங்கின இடத்துக் கிணற்றடியில் குளித்துவிட்டுக் கொத்து ரொட்டி சாப்பிட்டுப் படுத்தார்கள். பெரிய பையனுக்கு மட்டும் என் மேல் இரண்டு நாள் கோபம்.

அலை அடிக்காத இடம்தானே பாதுகாப்பு? அந்த அம்மா செய்தது பிழையா?

யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் அந்த இடம் ஆபத்து. அலை கரைக்குத் தண்ணீரைக் கொண்டு வந்து கொட்டிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும். மணல் மேட்டில் எங்கே பள்ளம் இருக்கிறதோ அந்த வழியாக எல்லாம் சேர்ந்து ஓடும். பள்ளம் ஆழமாக இருப்பதால் அங்கே அலை உடையாது. அதனால்தான் அமைதியாகவும் கறுப்பாகவும் தெரிகிறது. இதைத்தான் ரிப் கரண்ட் என்கிறார்கள். கடலுக்குள் ஓடுகிற ஒரு ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அது ஆளைத் தண்ணீருக்கு அடியில் இழுக்காது, தூரமாகக் கொண்டு போகும். வேகமாக ஓடும்போது, நீச்சலில் பரிசு வாங்கினவர்கூட எதிர்த்து நீந்தி வர முடியாது. கரையைப் பார்த்து நேரே நீந்தி, களைத்து, அப்புறம்தான் மூழ்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் மல்லாந்து மிதந்து ஒரு கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். நீந்தத் தெம்பு இருந்தால் கரைக்கு நேரே வராமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை வெள்ளையாக உடைகிற பக்கம் போய்ச் சேர வேண்டும். அங்கே அலையே கரைக்குத் தள்ளிவிடும். உடைகிற அலையைக் கண்டு பயந்து வளர்ந்தவருக்கு அந்தப் பக்கம் நீந்து என்றால் மனசு வராது. வேனில் போகும்போதே பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள்.

இந்த இழுப்பைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் கரையில் சும்மா உட்கார்ந்து பார்த்தால் போதும். நுரையோ, இலைகுழையோ, கலங்கிய மணலோ கடலை நோக்கிப் போய்க்கொண்டே இருக்கிற இடம் ஒன்று தெரியும். கொஞ்சம் உயரமான இடத்தில் நின்றால் இன்னும் நன்றாகத் தெரியும்.

ஆகஸ்ட் லீவுக்குப் பாசிக்குடா போறோம். அங்கே கடல் குளம் மாதிரி இருக்குமாம், டியூப் கொண்டு போகலாமா?

மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. அந்த மாதங்களில் பெந்தோட்டை, ஹிக்கடுவை, மிரிஸ்ஸ பக்கமெல்லாம் கடல் கொந்தளிப்பாகவும், பாசிக்குடா, நிலாவெளி பக்கம் அமைதியாகவும் இருக்கும். மார்கழி, தை மாதங்களில் இது அப்படியே மாறும். ஆகவே ஆகஸ்டுக்குக் கிழக்கைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. பாசிக்குடாவில் தூரம் வரை இடுப்பளவு தண்ணீர்தான்.

ஆனால் டியூபை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அந்தப் பக்கம் ஆகஸ்டில் வீசுவது கச்சான் காற்று, மேற்கில் இருந்து தரை வழியாக வந்து கடலை நோக்கிப் போகிற காற்று. கரையில் இருந்து பார்த்தால் கடல் கண்ணாடி மாதிரி இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கொடியும் நல்ல நிறத்தில் பறக்கலாம். ஆனால் லொறி டியூபில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைக் காற்று மெல்லமாகத் தள்ளிக்கொண்டே போகும். காற்று நிரப்பின சாமானுக்குத் தண்ணீருக்குள் பிடிமானம் கிடையாது. முதல் இருபது அடிக்குப் பிள்ளை சிரித்துக்கொண்டிருக்கும், அப்புறம்தான் கால் எட்டவில்லை என்று தெரியும். துரத்திக்கொண்டு போகிற அப்பாதான் பெரும்பாலும் முதலில் களைத்துப்போகிறவர்.

சில கடற்கரைகளில் செம்மஞ்சள் நிறத்தில் குழாய் மாதிரி ஒரு துணிப்பை கட்டியிருப்பார்கள். அது கடலைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தால் டியூப், காற்றுப் படுக்கை எதுவும் தண்ணீருக்குள் கூடாது. அப்படி ஒன்று இல்லாத இடத்தில் ஒரு பிடி மணலை எடுத்துத் தோள் உயரத்தில் இருந்து விடுங்கள். கடல் பக்கம் பறந்தால் உங்களுக்கும் அதே பதில்தான்.

போர்டில் சிங்களம் மட்டும்தான். தமிழ் இருந்தாலும் பிழை பிழையாக இருக்கு. என்ன செய்ய?

எழுத்துப் பிழையைப் பார்த்துச் சிரிக்கலாம், போர்டைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது. ‘தஹனம்’ என்ற சொல்லைக் காதில் வைத்துக்கொள்ளுங்கள், தடை என்று பொருள். ‘நேம தஹனம்’ என்று யாராவது படித்துச் சொன்னால் குளிக்கத் தடை. நம் காதுக்கு அது தகனம் என்று விழும். எங்கள் அப்பாயி அப்படிக் கேட்டுவிட்டு ஒரு வாரம் கடல் பேச்சையே எடுக்கவில்லை. ‘அனத்துருய்’ என்பது ஆபத்து.

வாசிக்க ஆள் இல்லையென்றால் படங்களை நம்புங்கள். முக்கோணமும் குறுக்குக் கோடு போட்ட சிவப்பு வட்டமும் எந்த மொழியிலும் பிழை விடாது. ஓட்டுநர் பெரும்பாலும் சிங்களம் வாசிப்பார், அவரைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நம்ம பக்கத்து வாவியிலும் நீர்த்தேக்கத்திலும் கொடியே இல்லையே, ஏன்?

கொடி ஏற்ற ஓர் ஆள் வேண்டும். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் கரை பல மைல். அது குளிக்கிற இடமாகவும் கட்டப்படவில்லை, மின்சாரத்துக்குத் தேக்கின தண்ணீர். நுவரெலியா கிரகரி வாவியில் படகு ஓட்டலாம், குளியலுக்கு அது இடமில்லை. ஆகவே இங்கே உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு போர்டு, அதில் ஒரே ஒரு வரி, ‘இங்கு குளிப்பது தடை’. காரணம் எழுதியிருக்காது. காரணம் தெரியாததால்தான் நம் பையன்கள் அதில் சட்டையைக் கழற்றித் தொங்கவிட்டு இறங்குகிறார்கள்.

காரணத்தை நான் சொல்கிறேன். மவுசாகலையில் தண்ணீர் வற்றுகிற காலத்தில் பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும், ஊரே போய்ப் பார்க்கும். தண்ணீர் ஏறினதும் அந்தச் சுவரும் படிக்கட்டும் எங்கே போகின்றன? அங்கேயேதான் இருக்கின்றன, தண்ணீருக்குக் கீழே. நீர்த்தேக்கத்தின் கரை என்பது உண்மையில் கரை இல்லை, மூழ்கின மலைச்சரிவு. இரண்டு அடி எடுத்து வைத்தால் முழங்கால், மூன்றாவது அடியில் நிலம் இல்லை. தண்ணீர் இறங்கி விட்டுப்போன சேறு மேலே காய்ந்து, உள்ளே கூழாக இருக்கும். கால் புதைந்தால் உருவ முடியாது.

அப்புறம் குளிர். சூடான நாளில் குதித்தால் முதல் நிமிடத்தில் மூச்சு தானாக உள்ளே இழுக்கும், நீங்கள் நினைத்தாலும் நிறுத்த முடியாது. தலை அந்த நேரம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது தண்ணீரைத்தான். நல்ல நீச்சல்காரன் கரைக்குப் பக்கத்திலேயே போய்விடுவதற்கு இது ஒரு காரணம், பேய் பிடித்து இழுத்தது என்று நம் ஊரில் சொல்வார்கள்.

அணைக்குக் கீழே ஓயாவில் தண்ணீர் முழங்கால் அளவுதான். அங்கே குளிக்கலாமா?

போர்டில் சைரன் படமோ, ‘நீர்மட்டம் திடீரென உயரும்’ என்ற வரியோ இருந்தால் பாறையில் உட்காரவும் வேண்டாம். தலவாக்கலையில் மேல் கொத்மலை வான்கதவு திறந்தால் தண்ணீர் சென்கிளேயர் வழியாகத்தான் கீழே வரும். உங்கள் தலைக்கு மேலே வெயில் அடிக்கலாம், மழை மேலே எங்கோ பெய்திருக்கும். சைரன் கேட்டால் சாமானை எடுக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். சைரன் இல்லாத ஓடையில் தண்ணீரே சொல்லும். தெளிந்த தண்ணீர் கலங்குவது, இலையும் குச்சியும் மிதந்து வருவது, இரைச்சல் மாறுவது, இதில் ஒன்று தெரிந்தாலும் ஏறிவிட வேண்டும். ஓடையைக் கடக்கும் நேரத்தில் இது நடந்தால், எந்தப் பக்கம் கிட்டவோ அந்தப் பக்கம் ஏறுங்கள். செருப்பு அக்கரையில் இருக்கிறது என்று திரும்பாதீர்கள்.

ஆள் ஒருவர் இழுபட்டால் நாங்கள் குதிக்கலாமா?

வேண்டாம். ஒருவருக்காக இறங்கி இருவர், மூவர் போவது இப்படித்தான். மிதக்கிற எதையாவது எறியுங்கள். மூடின வெறும் ஐந்து லீற்றர் போத்தல், ஐஸ் பெட்டி, வீட்டில் வைக்கச் சொன்ன அந்த டியூபைக் கொண்டு வந்திருந்தால் அதுவும். வாவிக் கரையில் படுத்துக்கொண்டு சேலையை முறுக்கி வீசலாம், நின்று இழுத்தால் அவர் உங்களை இழுத்துவிடுவார். ஒருவர் கையை நீட்டி ஆளைக் காட்டிக்கொண்டே நிற்க வேண்டும், கண்ணை எடுத்தால் அலையில் தலை தெரியாது. இன்னொருவர் பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 இரண்டுக்கும் எடுக்க வேண்டும். வெளியே எடுத்தவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நேரத்தை வீணாக்கும். மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அமுக்க ஆரம்பியுங்கள்.

சரி மாமா, இனிமேல் உங்களுக்கு எப்படிப் படம் அனுப்ப?

மூன்று படம். போர்டு முழுவதும், அடிப்பக்க நேர வரியோடு. கம்பமும் கொடியும். அப்புறம் கொஞ்சம் மேட்டில் நின்று கடல், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி. கூடவே இப்போது என்ன மணி என்று எழுதுங்கள். நேற்று எடுத்த படம் எனக்கு வேண்டாம். நான் பதில் போடும் வரை பிள்ளைகள் வேனுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். இங்கே மழை நாளில் சிக்னல் கிடைப்பதில்லை, பதில் வராவிட்டால் இறங்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.